எண் சரி, பட்டை தப்பு: விளம்பர வரைபடம் பற்றி ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு நாளிதழ்களில் பொறியியல் கல்லூரி விளம்பரங்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். முழுப்பக்கம், கலர் படம், சிரித்த முகங்கள், கம்பெனி லோகோக்கள். நடுவில் பெரும்பாலும் ஒரு பட்டை வரைபடம் இருக்கும். நான்கு வருடம், நான்கு பட்டை, ஒவ்வொன்றும் முந்தையதைவிட உயரம். கடைசிப் பட்டையைப் பார்த்தால் கல்லூரி ராக்கெட் வேகத்தில் வளர்ந்திருப்பதாகத் தோன்றும். பட்டைக்கு மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படித்தால்தான், "அட, இவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும்.

இதைக் கவனித்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதும் வாசகர்கள் உண்டு. ஆனால் அப்படி வரும் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டே வரிதான்: "இந்த விளம்பரம் பச்சைப் பொய். பணம் கொடுத்தா எதை வேணும்னாலும் போட்டுடுவீங்களா?" கோபம் நியாயமானது. ஆனால் கடிதம் அங்கேயே தோற்றுவிடுகிறது. விளம்பரம் கொடுத்தவரிடம் விளக்கம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "எண்களில் ஒன்றாவது தப்பா? காட்டுங்க பார்ப்போம்." எண்களில் தப்பு இருக்காது. தப்பு படத்தில் இருக்கிறது. அதைக் காட்ட ஒரு ஸ்கேலும் கொஞ்சம் கணக்கும் போதும்.

பழைய தந்திரம்

இந்த வித்தையை நம் ஊர்க் கல்லூரிகள் கண்டுபிடிக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஷெவர்லே நிறுவனம் தன் டிரக்குகளுக்குக் கொடுத்த ஒரு விளம்பரம், இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் பாடமாகக் காட்டப்படுகிறது. கடந்த 10 ஆண்டுகளில் விற்ற ஷெவர்லே டிரக்குகளில் 98 சதவீதத்துக்கு மேல் இன்னும் சாலையில் ஓடுகின்றன என்பது அதன் வாசகம். பக்கத்தில் போட்டி நிறுவனங்களோடு ஒப்பிடும் பட்டை வரைபடம். ஷெவர்லேவின் பட்டை மற்றவர்களுடையதைவிடக் கம்பீரமாக உயர்ந்து நிற்கும்.

ரகசியம் செங்குத்து அச்சில் இருந்தது. அது பூஜ்யத்தில் தொடங்கவில்லை, 95 சதவீதத்தில் தொடங்கி 100-ல் முடிந்தது. எல்லா நிறுவனங்களின் டிரக்குகளும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு உழைத்திருக்கின்றன என்பதுதான் உண்மையான செய்தி. 0-விலிருந்து 95 வரையிலான பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த சின்னஞ்சிறு வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடியில் காட்டியது அந்தப் படம். எண்களில் பொய் இல்லை. ஆனால் பார்த்தவர் மனதில் பதிந்தது வேறு.

பட்டை வரைபடத்தில் மட்டும் இது ஏன் இவ்வளவு பெரிய குற்றம்? பட்டையை நாம் படிப்பதில்லை, பார்க்கிறோம். ஒரு பட்டை இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு உயரம் என்றால், அது சொல்லும் அளவும் இரண்டு மடங்கு என்று கண் முடிவுகட்டிவிடுகிறது. எண்ணைப் படிப்பதற்குள் அந்த முடிவு மனதில் உட்கார்ந்துவிடும். எனவே பட்டையின் நீளமும் எண்ணும் ஒரே விகிதத்தில் இருந்தாக வேண்டும். அதற்கு ஒரே வழி, பட்டை பூஜ்யத்தில் தொடங்குவது.

ஸ்கேலை எடுங்க: ஒரு கணக்கு

ஒரு கற்பனை விளம்பரத்தை வைத்துப் பார்க்கலாம். கல்லூரியும் எண்களும் உதாரணத்துக்கு மட்டுமே. 'வேலைவாய்ப்பில் அசுர வளர்ச்சி' என்ற தலைப்பின் கீழ் நான்கு பட்டைகள். மேலே எழுதியிருப்பவை 2022-க்கு 86%, 2023-க்கு 88%, 2024-க்கு 90%, 2025-க்கு 92%. பக்கவாட்டில் அச்சே கிடையாது. விளம்பரங்களில் இதுதான் வழக்கம். அச்சைப் போட்டால் அது எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும் அல்லவா?

பரவாயில்லை, அளந்து பார்க்கலாம். தாளில் ஸ்கேல் வைத்தால் பட்டைகள் 2, 4, 6, 8 சென்டிமீட்டர் என்று வருகின்றன. இ-பேப்பரில் பார்ப்பவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெரிதாக்கி, திரையிலேயே அளக்கலாம். நமக்கு வேண்டியது விகிதம்தான் என்பதால் சென்டிமீட்டர் முக்கியமில்லை. எல்லாப் பட்டையையும் ஒரே அளவு ஜூமில் அளக்க வேண்டும், அவ்வளவுதான். தாளைச் சாய்வாக போட்டோ எடுத்து அதில் அளந்தால் விகிதம் கெட்டுவிடும், அதை மட்டும் தவிர்க்கவும்.

முதல் பட்டைக்கும் கடைசிப் பட்டைக்கும் உயர வித்தியாசம் 6 சென்டிமீட்டர். எண் வித்தியாசம் 92-லிருந்து 86 போக 6. ஆக, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சதவீதப் புள்ளி. முதல் பட்டையின் உயரம் 2 சென்டிமீட்டர், அதாவது 2 புள்ளி. 86-லிருந்து 2-ஐக் கழித்தால் 84. இந்த வரைபடத்தின் அடிக்கோடு 84-ல் தொடங்குகிறது. அச்சை மறைத்தாலும், எங்கே வெட்டினார்கள் என்பதைப் பட்டைகளே காட்டிக்கொடுத்துவிட்டன.

கணக்குப் போடும்போது விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால், படம் நேர்மையானது. விஷயத்தை அத்தோடு விட்டுவிடலாம். நடுவில் இருக்கும் பட்டைகள் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால், உதாரணமாக 88 சதவீதப் பட்டை 4 சென்டிமீட்டருக்குப் பதில் 5 சென்டிமீட்டர் இருந்தால், அந்தப் படம் எந்த அளவுகோலுக்கும் வரையப்படவில்லை. கண் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று இழுத்துவிட்டிருக்கிறார்கள். கடிதத்தில் அதைத் தனியாகச் சொல்லலாம். அச்சு வெட்டப்பட்டதைவிட அது மோசம்.

நேர்மையாக வரைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? கடைசிப் பட்டை 8 சென்டிமீட்டர் என்றால், முதல் பட்டை கிட்டத்தட்ட 7.5 சென்டிமீட்டர் இருந்திருக்க வேண்டும். அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அதை 'அசுர வளர்ச்சி' என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஏமாற்றை அளக்கவும் ஒரு எண் உண்டு

புள்ளியியல் வரைபடங்கள் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான எட்வர்ட் டஃப்டி. 1983-ல் வெளியான தன் புத்தகத்தில் அவர் ஓர் எளிய அளவைக் கொடுத்தார். படத்தில் தெரியும் மாற்றத்தை, எண்ணில் இருக்கும் மாற்றத்தால் வகுக்க வேண்டும். விடை 1 என்றால் படம் நேர்மையானது. 1-லிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அவ்வளவு பொய். இதற்கு அவர் வைத்த பெயரையே 'பொய்க் காரணி' என்று தமிழில் சொல்லலாம்.

அவர் காட்டிய பிரபலமான உதாரணம் விளம்பரம் அல்ல, ஒரு நாளிதழ் தன் செய்திப் பக்கத்தில் வெளியிட்ட படம். 1978 ஆகஸ்ட் 9 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' கார்களின் மைலேஜ் பற்றி ஒரு வரைபடம் வெளியிட்டது. அரசு நிர்ணயித்த அளவு 1978-ல் காலனுக்கு 18 மைல், 1985-ல் 27.5 மைல். ஏற்றம் 53 சதவீதம். ஆனால் படத்தில் முதல் ஆண்டைக் குறிக்கும் கோடு 0.6 அங்குலம், கடைசி ஆண்டைக் குறிக்கும் கோடு 5.3 அங்குலம். படத்தில் ஏற்றம் 783 சதவீதம். 783-ஐ 53-ஆல் வகுத்தால் 14.8. விளம்பரதாரரைக் கேள்வி கேட்கும் முன் நாளிதழ்கள் தங்கள் பக்கங்களையும் அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

நம் கல்லூரி உதாரணத்துக்கு வருவோம். பட்டை 2 சென்டிமீட்டரிலிருந்து 8-க்குப் போனது 300 சதவீத ஏற்றம். எண் 86-லிருந்து 92-க்குப் போனது 7 சதவீத ஏற்றம். 300-ஐ 7-ஆல் வகுத்தால் சுமார் 43. 'விளம்பரம் ஏமாற்றுகிறது' என்று எழுதுவதற்கும், 'எண்ணில் 7 சதவீத ஏற்றத்தைப் படம் 300 சதவீதமாகக் காட்டுகிறது' என்று எழுதுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். முதல் வாக்கியத்தை மறுக்கலாம். இரண்டாவதை மறுக்க வேண்டுமானால் அவர்களும் ஸ்கேலைத்தான் எடுக்க வேண்டும்.

எல்லா வரைபடமும் பூஜ்யத்தில் தொடங்க வேண்டுமா?

இல்லை. இங்கேதான் பல புகார்கள் சறுக்குகின்றன. பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்ற விதி பட்டைகளுக்கானது. கோட்டு வரைபடத்தில் கண் நீளத்தைப் பார்ப்பதில்லை, ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. ஒரு நோயாளியின் உடல் வெப்பநிலை 98.6-லிருந்து 103 டிகிரிக்கு ஏறுவதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் அச்சில் வரைந்தால், கிட்டத்தட்ட நேர்கோடுதான் தெரியும். காய்ச்சல் கொதிக்கிறது, படம் அமைதியாக இருக்கிறது! அங்கே அச்சை வெட்டுவதுதான் சரி.

எனவே விளம்பரத்தில் இருப்பது கோட்டு வரைபடம் என்றால், 'பூஜ்யத்தில் தொடங்கவில்லை' என்று மட்டும் எழுதிப் பயனில்லை. அச்சில் எண்கள் இருக்கின்றனவா, ஆண்டுகள் சீரான இடைவெளியில் இருக்கின்றனவா, சரிந்த ஆண்டுகளை விட்டுவிட்டுத் தோதான ஆண்டிலிருந்து தொடங்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தவறான காரணத்தைச் சொல்லி எழுதிய சரியான புகாரை ஒதுக்கித்தள்ளுவது ரொம்ப சுலபம்.

92 சதவீதம்... எத்தனை பேரில்?

பட்டையை அளந்தாயிற்று. ஆனால் ஒரு மாணவரின் நான்கு வருடமும் ஒரு குடும்பத்தின் கல்விக் கடனும் சம்பந்தப்பட்ட இடத்தில், பட்டையைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த 92 சதவீதம், எத்தனை பேரில் 92 சதவீதம்?

கேம்பஸ் இன்டர்வியூ நடத்தும் கல்லூரிகளில் 'தகுதியுள்ளவர்கள்' என்றொரு பட்டியல் உண்டு. அரியர் இல்லாதவர்கள், குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்தவர்கள், பிளேஸ்மென்ட் செல்லில் பெயர் பதிந்தவர்கள் ஆகியோரே அதில் வருவார்கள். நம் உதாரணக் கல்லூரியில் இறுதியாண்டில் 600 பேர் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் இடம்பிடித்தவர்கள் 400 பேர், வேலை கிடைத்தவர்கள் 368 பேர். 400-க்கு 368 என்றால் 92 சதவீதம். 600-க்கு 368 என்றால் 61 சதவீதம். எண் ஒன்றுதான், வகுப்பதுதான் வேறு.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேற்படிப்புக்குப் போகிறவர்கள் வேலை தேடுவதில்லை, அவர்களைக் கழிப்பது சரிதான். அப்படி 60 பேரைக் கழித்தாலும் 540-க்கு 368, அதாவது 68 சதவீதம். 92 வரவே வராது. சில விளம்பரங்கள் மாணவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு 'ஆஃபர்' எண்ணிக்கையைச் சொல்லும். ஒரே மாணவருக்கு மூன்று கம்பெனி ஆஃபர் கொடுத்தால் அது மூன்றாகிவிடும். 'வேலை பெற்றவர்கள்' என்று எழுதியிருக்கிறதா, 'வேலைவாய்ப்புகள்' என்று எழுதியிருக்கிறதா என்பதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

சரிபார்க்க வழி இருக்கிறதா? பல கல்லூரிகளுக்கு இருக்கிறது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த தரவைத் தங்கள் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். குறித்த காலத்தில் படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர், வேலை பெற்றவர்கள் எத்தனை பேர், மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர், வேலை பெற்றவர்களின் இடைநிலை ஊதியம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் ஆண்டுவாரியாக இருக்கும். விளம்பரத்தில் இருக்கும் எண்ணையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் உங்கள் கடிதத்தின் மிக வலுவான வரி அதுதான். ஒரே எச்சரிக்கை: இரண்டும் ஒரே ஆண்டுக்கானவையா, ஒரே படிப்புக்கானவையா என்று உறுதிசெய்த பிறகே எழுதவும்.

கடிதத்தை எப்படி எழுதுவது?

நல்ல கடிதத்தில் நான்கு விஷயங்கள் இருக்கும். எந்த நாள், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்பது முதலில். படம் காட்டுவது என்ன, எண் சொல்வது என்ன என்பது அடுத்து. விளம்பரம் சொல்லாமல் விட்டது என்ன என்பது மூன்றாவது. நீங்கள் கேட்பது என்ன என்பது கடைசி. பல கடிதங்களில் இந்தக் கடைசி விஷயம்தான் விடுபட்டுப்போகிறது. எதுவும் கேட்காத கடிதத்துக்கு என்ன பதில் சொல்வது என்று ஆசிரியர் குழுவுக்கும் தெரியாது.

நம் உதாரண விளம்பரத்துக்கு எழுதினால் இப்படி இருக்கலாம்:

*ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.*

*தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் கடந்த ஞாயிறன்று 5-ம் பக்கத்தில் வெளியான பொறியியல் கல்லூரி விளம்பரம் குறித்து எழுதுகிறேன். அதில் உள்ள பட்டை வரைபடத்தில் 2022-ம் ஆண்டுக்கான பட்டை 2 செ.மீ., 2025-க்கான பட்டை 8 செ.மீ. உயரம் உள்ளன. படத்தைப் பார்ப்பவருக்கு வேலைவாய்ப்பு நான்கு மடங்கு ஆனதாகத் தோன்றுகிறது. ஆனால் பட்டைகளின் மேல் உள்ள எண்கள் 86 சதவீதமும் 92 சதவீதமும்தான். வரைபடம் பூஜ்யத்தில் தொடங்காமல் 84-ல் தொடங்குகிறது. இது விளம்பரத்தில் எங்கும் குறிப்பிடப்படவில்லை.*

*இந்த 92 சதவீதம் இறுதியாண்டு மாணவர்கள் அனைவரையும் கணக்கில் கொண்டதா, தகுதிப் பட்டியலில் இருந்தவர்களை மட்டுமா என்பதும் சொல்லப்படவில்லை.*

*கலந்தாய்வு நெருங்கும் நேரத்தில் பெற்றோர் இந்தப் படத்தைப் பார்த்து முடிவெடுக்கக்கூடும். எனவே, மொத்த மாணவர் எண்ணிக்கையையும் பூஜ்யத்தில் தொடங்கும் வரைபடத்தையும் கொடுத்த பிறகே இந்த விளம்பரத்தை மீண்டும் வெளியிட வேண்டும் என்றும், இக்கடிதத்தை வாசகர் பகுதியில் வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். விளம்பரத்தின் படத்தை இணைத்துள்ளேன்.*

இதில் 'மோசடி', 'கொள்ளை', 'ஏமாற்றுப் பேர்வழிகள்' என்ற சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கல்லூரியின் நோக்கம் என்ன என்று கடிதம் ஊகிக்கவில்லை. யார் வேண்டுமானாலும் அளந்து சரிபார்க்கக்கூடியதை மட்டும் சொல்கிறது. இது நாகரிகம் பற்றிய விஷயம் மட்டுமல்ல. நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு உள்ள கடிதத்தை, அவதூறு வழக்குக்குப் பயந்து எந்த நாளிதழும் வெளியிடாது. அளவை மட்டும் சொல்லும் கடிதத்தைத் தள்ளிவைக்க அந்தக் காரணம் கிடைக்காது.

விளம்பரத்துக்கு ஆசிரியர் பொறுப்பாவாரா?

"அது விளம்பரப் பிரிவு சார், எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்பது பழகிப்போன பதில். ஆனால் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகள் வேறு மாதிரி சொல்கின்றன. விளம்பரங்கள் உட்பட நாளிதழில் வெளியாகும் எல்லாவற்றுக்கும் ஆசிரியரே பொறுப்பு. பொறுப்பேற்கவில்லை என்றால் அதை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். 'விளம்பரங்களில் உள்ள தகவல்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற சின்ன எழுத்து வரி இந்தக் காரணத்துக்காகத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றால் பொய்யான எண் உள்ள விளம்பரம் மட்டுமல்ல. நுகர்வோரைத் தவறாக வழிநடத்த வாய்ப்புள்ளதும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடங்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளம்பரதாரருக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் அதே தவறு நடந்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். வெளியிட்டவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் உண்டு. ஆனால் வெளியிட்டவருக்கு ஒரு கேடயமும் உண்டு. வழக்கமான தொழில் நடவடிக்கையாகத்தான் வெளியிட்டோம் என்று நிரூபித்தால் அபராதம் இல்லை. அந்த விளம்பரத்தைத் திரும்பப் பெறவோ மாற்றவோ ஆணையம் உத்தரவிட்டது முன்பே தெரிந்திருந்தால் மட்டுமே கேடயம் உடையும். அதாவது, ஒரு வாசகர் கடிதம் வந்திருக்கிறது என்பதால் மட்டும் நாளிதழுக்குச் சட்டச் சிக்கல் வராது.

கல்லூரி விளம்பரங்களில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. யுபிஎஸ்சி முடிவுகளைக் காட்டி விளம்பரம் செய்த பயிற்சி மையங்கள் பலவற்றுக்கு ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது. தேர்ச்சி பெற்றவர்கள் அங்கே எந்த வகுப்பில் சேர்ந்திருந்தார்கள் என்பதை மறைத்தார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. பலர் இன்டர்வியூ பயிற்சிக்கு மட்டும் போனவர்கள். ஆனால் பட்டம் தரும் கல்வி நிறுவனங்களின் கதை வேறு. 2010-ல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்வி என்பது சரக்கு அல்ல, பல்கலைக்கழகம் நுகர்வோருக்குச் 'சேவை' தருபவர் அல்ல என்ற நிலைப்பாட்டை எடுத்தது. எனவே கல்லூரிக்கு எதிராக நுகர்வோர் சட்டத்தைத் தொட்டால், முதலில் அந்த வாதத்தைத்தான் தாண்ட வேண்டியிருக்கும்.

அந்தச் சிக்கல் இல்லாத இடம், 1985-ல் தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், சுருக்கமாக 'ஆஸ்கி'. விளம்பரத் துறையே அமைத்துக்கொண்ட அமைப்பு இது. அபராதம் விதிக்க முடியாது. ஆனால் விளம்பரதாரரிடம் ஆதாரம் கேட்கும், திருத்தவோ நிறுத்தவோ சொல்லும். கல்வி நிறுவன விளம்பரங்களுக்கு அதனிடம் தனி வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. எத்தனை மாணவர்களுக்கு வேலை கிடைத்தது என்று சொன்னால், அந்த வகுப்பில் படித்து முடித்த மொத்த மாணவர்கள் எத்தனை பேர் என்றும் சொல்ல வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நம் உதாரணக் கடிதத்தின் இரண்டாவது பத்தி கேட்பதும் இதைத்தான். ஆஸ்கியின் இணையதளத்தில் புகார் செய்ய வாசகருக்குச் செலவு எதுவும் இல்லை. ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தையே விளம்பரப் படத்தோடு அங்கேயும் அனுப்பலாம்.

கல்லூரி அல்லாத விளம்பரம், உதாரணமாக வாட்டர் பியூரிஃபையரோ, பைக்கோ, பயிற்சி மையமோ என்றால் நுகர்வோர் சட்டத்தின் பாதை திறந்தே இருக்கிறது. ஆணையத்துக்கு நேரடியாக எழுதலாம், அல்லது உங்கள் மாவட்ட ஆட்சியரிடமே எழுத்துமூலமாகவோ மின்னஞ்சலிலோ புகார் கொடுக்கலாம். சட்டத்தின் 17-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நாளிதழ்கள் என்ன செய்ய வேண்டும்?

இவ்வளவு கதவுகள் இருக்கும்போது ஆசிரியருக்கு ஏன் எழுத வேண்டும்? நேரம்தான் காரணம். ஆஸ்கியோ ஆணையமோ விளம்பரதாரரிடம் விளக்கம் கேட்டு, பதில் வாங்கி, முடிவெடுப்பதற்குள் கலந்தாய்வு முடிந்துவிடலாம். சீட்டு எடுத்தவர் எடுத்தவர்தான். விளம்பரத்தைப் பார்த்த அதே வாசகர்களிடம், அதே வாரத்தில் போய்ச் சேரக்கூடியது அதே நாளிதழில் வெளியாகும் கடிதம் மட்டுமே.

அதனால்தான், சட்டம் கொடுத்திருக்கும் கேடயத்தின் பின்னால் நாளிதழ்கள் ஒளிந்துகொள்வது சரியில்லை என்கிறோம். இது எங்களுக்கும் சேர்த்துத்தான். எல்லா விளம்பரத்தின் எல்லா எண்ணையும் சரிபார்க்க எந்த நாளிதழாலும் முடியாது என்பது உண்மை. கல்லூரியின் பிளேஸ்மென்ட் பதிவேட்டை விளம்பரப் பிரிவு போய்ப் புரட்டிப் பார்க்க முடியாது. ஆனால் பட்டையை அளக்க முடியும். விளம்பரத்தை வாங்கும்போதே அச்சு எங்கே தொடங்குகிறது, சதவீதம் எத்தனை பேரில் என்று இரண்டு கேள்வி கேட்க முடியும். பதில் இல்லையென்றால் வரைபடத்தை எடுத்துவிட்டு எண்களை மட்டும் போடச் சொல்லலாம். எண்கள் உண்மை என்றால் அதில் கல்லூரிக்கு என்ன நஷ்டம்?

முழுப்பக்க விளம்பரம் என்பது பெரிய தொகை, அடுத்த வாரமும் அவர்கள் வர வேண்டும் என்ற கணக்கு நிர்வாகத்துக்கு இருக்கத்தான் செய்யும். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அந்த விளம்பரத்துக்கு விலை வருவதே, இந்தப் பக்கத்தில் வருவதை வாசகர் நம்புகிறார் என்பதால்தான். அளந்து எழுதிய கடிதம் வந்தால், விளம்பரதாரரின் பதிலோடு சேர்த்து அதே வாரத்தில் வெளியிடுவது என்ற ஒரு விதியை நாளிதழ்கள் வைத்துக்கொள்ளலாம். வெளியிடாவிட்டால் ஏன் என்று கடிதம் எழுதியவருக்குச் சொல்லலாம்.

இந்த சீசனில் உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ கல்லூரி தேடுகிறீர்களா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்படி ஒரு வரைபடம் வந்து விழும்போது, முதல் பட்டையையும் கடைசிப் பட்டையையும் அளந்து பாருங்கள். பிறகு கல்லூரியின் இணையதளத்தில் என்ஐஆர்எஃப் தரவைத் தேடுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால், கடிதத்துக்கு வேண்டிய எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது.